வாட்டர்கலர், தூரிகை, தாள்: விற்பனைக்கான விவரக் குறிப்பை எழுதத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஓவியப் பொருள்கள் விற்கும் கடையில் புதிதாகச் சேர்ந்தவருக்கும், அவற்றை இணையத்தில் பட்டியலிட்டு விற்கத் தொடங்கியவருக்கும் முதலில் வந்து சேரும் வேலை, ஒவ்வொரு பொருளுக்கும் விவரக் குறிப்பு எழுதுவது. பலர் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதையே எடுத்து எழுதிவிடுகிறார்கள். “உயர்தர வண்ணங்கள்”, “ஆர்ட்டிஸ்ட் தரம்”, “குழந்தைகளுக்கும் கலைஞர்களுக்கும் ஏற்றது” என்ற சொற்கள் ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளிலும் இருக்கின்றன. இவற்றுக்கு வரையறுத்த அளவுகோல் எதுவும் இல்லாததால், எந்த நிறுவனமும் எந்தப் பெட்டியிலும் இவற்றைப் போட்டுக்கொள்ளலாம். வாங்குபவர் அறிய விரும்புவது வேறு. உள்ளே இருக்கும் நிறமி எது, அது எந்தத் தாளில் சரியாக விழும், யார் கையில் கொடுக்கலாம் என்ற மூன்று கேள்விகளுக்கு அவருக்கு விடை வேண்டும். இந்த மூன்றையும் லேபிளைப் படித்தும் ஒரு சில எளிய சோதனைகளைச் செய்தும் நாமே கண்டறிய முடியும்.

எடுத்துக்காட்டாக, மேசைமேல் நான்கு பொருள்கள் இருப்பதாகக் கொள்வோம்: 5 மில்லி டியூப்கள் 12 கொண்ட வண்ணப் பெட்டி ஒன்று, பள்ளிப் பிள்ளைகளுக்கான 12 கட்டிகள் கொண்ட வண்ணப் பெட்டி ஒன்று, 8ஆம் எண் உருண்டைத் தூரிகை ஒன்று, 300 ஜி.எஸ்.எம். என்று அச்சிட்ட ஏ4 தாள்கட்டு ஒன்று. இந்த நான்குக்கும் குறிப்பு எழுதுவதே இங்கே நம் வேலை.

முதல் படி: டியூபின் பின்புறத்தைப் படியுங்கள்

டியூபின் முன்புறத்தில் இருக்கும் பெயர் விற்பனைக்கான பெயர். பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் குறியீடுதான் உள்ளே உள்ள நிறமியைச் சொல்கிறது. PB29 என்றால் அல்ட்ராமரின் நீலம். PB15 என்றால் தாலோ நீலம். PY43 என்றால் இயற்கை மஞ்சள் காவி. PBr7 என்றால் சியென்னா, அம்பர் போன்ற பழுப்பு மண் நிறங்கள். முதல் எழுத்தான P நிறமியைக் குறிக்கிறது, அடுத்து வரும் எழுத்து நிறக் குடும்பத்தை, எண் அந்தக் குடும்பத்தில் அதன் இடத்தை. உலகம் முழுவதும் இந்தக் குறியீடு ஒன்றே என்பதால், இரண்டு நிறுவனங்கள் ஒரே நிறத்துக்கு வெவ்வேறு பெயர் வைத்திருந்தாலும் குறியீட்டைக் கொண்டு ஒப்பிட்டுவிடலாம்.

நம் பெட்டியில் உள்ள 12 டியூப்களையும் எடுத்து, பெயரையும் குறியீட்டையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போதே சில செய்திகள் புலப்படும். ஒரு டியூபில் ஒரே குறியீடு இருந்தால் அது ஒற்றை நிறமி வண்ணம். மற்றொரு வண்ணத்துடன் கலக்கும்போது தெளிவாக நிற்கும். மூன்று நான்கு குறியீடுகள் இருந்தால் அது ஏற்கெனவே கலந்து வைத்த வண்ணம். அதை இன்னொரு கலவை வண்ணத்தோடு சேர்த்தால் சேற்று நிறத்துக்குப் போய்விடும் வாய்ப்பு அதிகம். கலவை நிறத்தைக் குறை என்று எழுத வேண்டியதில்லை, சாப் கிரீன் போன்ற பச்சைகள் இன்று பெரும்பாலும் கலவைகளே. ஆனால் 12 வண்ணங்களில் எத்தனை ஒற்றை நிறமி என்ற எண்ணிக்கை, வண்ணம் கலக்கக் கற்றுக்கொள்பவருக்கு மிகவும் பயன்படும் தகவல். அதை எண்ணி எழுதுங்கள்.

பெயருக்குப் பின்னால் “ஹ்யூ” என்ற சொல் இருந்தால் கவனியுங்கள். “காட்மியம் ரெட் ஹ்யூ” என்ற டியூபில் காட்மியம் இருக்காது. அந்த நிறத்தை ஒத்த, விலை குறைந்த வேறொரு நிறமி இருக்கும். உண்மையான காட்மியம் சிவப்பின் குறியீடு PR108. மாற்று நிறமி போடுவது ஏமாற்று வேலை ஆகாது. பிள்ளைகள் புழங்கும் இடத்தில் காட்மியம் இல்லாமல் இருப்பதே நல்லது. ஆனால் நம் குறிப்பில் “காட்மியம் சிவப்பு உள்ளது” என்று எழுதிவிட்டால் தவறு நம்முடையதாகிவிடும்.

அடுத்து, ஒளியில் வெளுக்கும் நிறமிகளைத் தேடுங்கள். அலிசரின் கிரிம்சன் என்ற ஆழ்ந்த சிவப்பின் குறியீடு PR83. சாயவேரில் கிடைத்துவந்த நிறப்பொருளை 1868இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மனும் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். அதிலிருந்து வந்தது இந்த நிறமி. அழகான நிறம்தான், ஆனால் நீர்த்துப் பூசும்போது ஒளியில் மங்கிவிடும். பல நிறுவனங்கள் இதே நிறத்தை வேறு நிலையான நிறமிகளைக் கொண்டு “பெர்மனென்ட்” என்ற அடைமொழியோடு தருகின்றன. பளீரென்ற ரோஜா நிறங்களில் ஒளிரும் சாயம் சேர்ந்திருப்பதுண்டு. அவையும் விரைவில் நிறம் இழப்பவை. நம் பெட்டியில் கிரிம்சன் டியூபின் பின்னால் PR83 இருக்கிறது என்றால், “சட்டமிட்டு மாட்டும் ஓவியத்துக்கு இந்த ஒரு வண்ணம் ஏற்றதன்று” என்று குறிப்பில் தனியாக ஒரு வரி வர வேண்டும்.

டியூபில் குறியீடே இல்லாவிட்டால் என்ன செய்வது? நிறுவனத்தின் வண்ண அட்டையிலோ பெட்டிக்குள் மடித்து வைத்த தாளிலோ இருக்கிறதா என்று பாருங்கள். அங்கும் இல்லையென்றால் “நிறமி விவரம் தரப்படவில்லை” என்று எழுதுங்கள். பள்ளிப் பெட்டியிலுள்ள கட்டிகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அந்த ஒரு வரியைக் கண்டதும், ஓவியம் விற்று வாழ்பவர் அடுத்த பொருளுக்குப் போய்விடுவார், பிள்ளைக்கு வாங்க வந்த பெற்றோர் கவலைப்பட மாட்டார். இரண்டுமே சரி.

இரண்டாம் படி: பூசிப் பாருங்கள்

குறியீடு நிறமியின் பெயரைத்தான் சொல்லும். எவ்வளவு நிறமி இருக்கிறது என்பதைச் சொல்லாது. மாணவர் தர டியூபிலும் கலைஞர் தர டியூபிலும் அதே PB29 இருக்கலாம். வாட்டர்கலர் என்பது நிறமித் தூளும், அதைப் பிடித்து வைக்கும் அரபிப் பிசினும், காய்ந்து வெடிக்காமல் இருக்கக் கிளிசரின் அல்லது தேன் போன்ற ஒன்றும் சேர்ந்த பசை. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் நிறமியைக் குறைத்து, சுண்ணத் தூள் போன்ற நிரப்பிகளைக் கூட்டுவார்கள். வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

இதை அறிய ஓர் எளிய சோதனை போதும். வெள்ளைப் பீங்கான் தட்டில் அரிசியளவு வண்ணத்தை எடுத்து, மருந்துக் குழாயால் 10 சொட்டு நீர் விட்டுக் கலக்கி ஒரு பட்டை பூசுங்கள். மேலும் 10 சொட்டு விட்டு இரண்டாவது பட்டை, மீண்டும் 10 சொட்டு விட்டு மூன்றாவது. நன்கு காய்ந்த பிறகு பாருங்கள். நிறமி நிறைந்த வண்ணம் மூன்றாம் பட்டையிலும் தன் நிறத்தை விடாமல், மெல்லியதாக ஆனாலும் தெளிவாக நிற்கும். நிரப்பி மிகுந்த வண்ணம் இரண்டாம் பட்டையிலேயே சோர்ந்து, காய்ந்ததும் மேலே பால்படிந்ததுபோல் வெளிறித் தெரியும். வாட்டர்கலர் எதுவாயினும் காய்ந்தால் சற்று மங்கும் என்பதால், தரம் தெரிந்த ஒரு டியூபை அருகில் வைத்து இரண்டையும் ஒரே தாளில் ஒரே நேரத்தில் பூசி ஒப்பிட்டால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

விலைப்பட்டியலும் இங்கே துணை செய்யும். கலைஞர் தர வரிசைகளில் மண் நிறங்கள் மலிவாகவும், கோபால்ட், காட்மியம் போன்றவை பல மடங்கு விலையாகவும் இருக்கும். அதனால்தான் டியூபின்மேல் சீரீஸ் 1, சீரீஸ் 2 என்று விலைப் பிரிவு அச்சிட்டிருப்பார்கள். மாணவர் தர வரிசையில் பொதுவாக எல்லா வண்ணமும் ஒரே விலை. ஒரே விலையில் எல்லா நிறமும் கிடைக்கும் வரிசையில் “கலைஞர் தரம்” என்று அச்சிட்டிருந்தால், அதை மறுபடி ஒருமுறை பூசிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஒளி நிலைப்பைப் பற்றி லேபிளில் நட்சத்திரங்களாகவோ, ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர அமைப்பின் I, II என்ற எண்களாகவோ குறித்திருப்பார்கள். I என்பது மிகச் சிறந்தது, II மிக நன்று. இந்த இரண்டுக்குள் இருப்பவற்றையே நீண்ட நாள் ஓவியத்துக்குப் பரிந்துரைக்கலாம். நட்சத்திரங்கள் அந்தந்த நிறுவனம் தானே வகுத்துக்கொண்டவை. ஆகையால் ஒரு நிறுவனத்தின் மூன்று நட்சத்திரத்தை மற்றொன்றின் மூன்றோடு சமன் வைத்து எழுதாதீர்கள். எந்த மதிப்பீடும் இல்லாத பெட்டியென்றால், 12 வண்ணங்களையும் பட்டையாகப் பூசி, ஒவ்வொரு பட்டையின் பாதியையும் அலுமினியத் தாளால் இறுக மூடி, வெயில் படும் மேற்குச் சன்னலின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். மோசமான ரோஜா, ஊதா நிறங்கள் நம் ஊர் வெயிலில் சில வாரங்களிலேயே தம்மைக் காட்டிக்கொடுக்கும். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் இடையில் கோடு தெரிந்தால், அந்த வண்ணத்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்தும் கோடு தெரியாதவற்றைப் பற்றி “எங்கள் சன்னல் சோதனையில் மூன்று மாதத்தில் மாற்றம் இல்லை” என்று மட்டும் எழுதலாம். “நிறம் மாறவே மாறாது” என்று எழுத அந்தச் சோதனை உரிமை தரவில்லை.

மூன்றாம் படி: தாளைச் சோதியுங்கள்

இந்த வரிசையில் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது தாளுக்குத்தான். சுமாரான வண்ணம் நல்ல தாளில் மதிப்பாகத் தெரியும். மிக நல்ல வண்ணமும் மோசமான தாளில் உயிரற்றுப் போகும். வாடிக்கையாளர் “வண்ணம் சரியில்லை” என்று திருப்பிக் கொண்டுவரும்போது, அவர் பூசிய தாளை ஒருமுறை கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

தாளைப் பற்றி நான்கு செய்திகள் எழுத வேண்டும்: எடை, நார், சைசிங், மேற்பரப்பு. எடை என்பது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது. அட்டையில் உள்ள எண்ணை நம்பத் தேவையில்லை, சமையலறைத் தராசில் சரிபார்க்கலாம். ஏ4 தாள் என்பது ஒரு சதுர மீட்டரில் 16இல் ஒரு பங்கு. எனவே 300 ஜி.எஸ்.எம். தாளில் 10 தாள்கள் சுமார் 187 கிராம் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரப்பதத்தால் சற்றுக் கூடலாம். நம் தாள்கட்டின் 10 தாள்கள் 150 கிராம்தான் நின்றால், அது ஏறக்குறைய 240 ஜி.எஸ்.எம். தாள், அட்டையில் என்ன அச்சிட்டிருந்தாலும் குறிப்பில் 300 என்று எழுத முடியாது. வெளிநாட்டுத் தாள்களில் எடையைப் பவுண்டிலும் குறிப்பார்கள். 140 பவுண்டு என்பதும் 300 ஜி.எஸ்.எம். என்பதும் ஒன்று, 300 பவுண்டு என்பது 640 ஜி.எஸ்.எம். கொண்ட அட்டை போன்ற கனத்த தாள். இந்த இரண்டு 300களையும் குழப்பிக்கொண்டு எழுதிய குறிப்புகள் ஏராளம்.

எடை சொல்வது ஒன்றை மட்டும்தான்: நனைந்தால் தாள் எவ்வளவு நெளியும் என்பதை. ஸ்கெட்ச் புத்தகங்களில் வரும் 110 முதல் 150 ஜி.எஸ்.எம். வரையான தாள் பென்சிலுக்கும் பேனாவுக்கும் உரியது, மெல்லிய ஒரு பூச்சு வரை தாங்கும், அதற்குமேல் குண்டும் குழியுமாக எழும்பி வண்ணம் குழிகளில் தேங்கிவிடும். 200 ஜி.எஸ்.எம். தாளை ஓரங்களில் டேப் போட்டு ஒட்டிப் பூசலாம். 300 ஜி.எஸ்.எம். தாள்தான் தாராளமாக நீர் விட்டுப் பூசத் தொடங்கும் எல்லை.

நாரில் இரண்டு வகை: மரக்கூழ், பருத்தி. பருத்தித் தாள் நீரை உள்ளே வாங்கி மெதுவாக விடுவதால், ஈரத்தின்மேல் ஈரமாக வண்ணம் விட்டு ஓடவிடும் முறைக்கு நேரம் கிடைக்கும். மரக்கூழ்த் தாள் சீக்கிரம் காய்ந்து, பூச்சின் ஓரத்தில் கோடு போட்டுவிடும். அட்டையில் “காட்டன்” என்று மட்டும் இருந்தால் எத்தனை சதவீதம் என்று தேடுங்கள். 25 சதவீதப் பருத்தியும் 100 சதவீதப் பருத்தியும் கையில் முற்றிலும் வேறு தாள்கள். சதவீதம் இல்லாத “காட்டன்” என்ற சொல்லை அப்படியே நம் குறிப்புக்குள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வண்ணம் பளிச்சென்று நிற்பதற்கு உண்மையான காரணம் சைசிங். தாளுக்குள்ளும் மேலும் ஏற்றப்படும் ஜெலட்டின் போன்ற பசைதான் நீரை உடனே உறிஞ்சவிடாமல் நிறமியை மேற்பரப்பிலேயே தங்க வைக்கிறது. இதைச் சோதிக்கத் தாளின்மேல் ஒரு சொட்டு நீர் விட்டு, கையால் தொடாமல் ஒரு நிமிடம் பாருங்கள். நல்ல சைசிங் உள்ள தாளில் சொட்டு குவிந்து மணிபோல் நின்று, ஓரத்திலிருந்து மெல்ல உள்ளே இறங்கும். சைசிங் இல்லாத தாளில் விட்ட கணமே பரந்து, தாளின் பின்புறம் கருமை தட்டும். பிறகு ஒரு பட்டை வண்ணம் பூசிக் காயவிட்டு, ஈரத் தூரிகையால் ஐந்தாறு முறை தேய்த்து, டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். தாளிலிருந்து சிறு உருண்டைகளாக நார் கழன்று வந்தால், திருத்தித் திருத்திப் பூசும் பழக்கமுள்ளவருக்கு அந்தத் தாளைச் சொல்லக் கூடாது. கடைசியாக ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி மெதுவாக உரித்துப் பாருங்கள். மேல்தோல் உரிகிறதா என்பதும் வாங்குபவர் அறிய விரும்பும் செய்தி.

மேற்பரப்பு மூன்று வகைப்படும். ஹாட் பிரஸ் வழுவழுப்பானது, நுணுக்கமான கோடுகளுக்கும் தாவர ஓவியங்களுக்கும் உரியது. கோல்டு பிரஸ் மிதமான சொரசொரப்புக் கொண்டது, புதியவருக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். ரஃப் என்பது மேடு பள்ளம் நன்றாகத் தெரியும் தாள். அல்ட்ராமரின் போன்ற பரல் பரலாகப் படியும் நிறமிகள் ரஃப் தாளின் பள்ளங்களில் தங்கி, மணல் தூவியதுபோல் அழகான பரப்பைத் தரும். அதே நிறமி வழுவழுப்பான தாளில் திட்டுத் திட்டாகத் தெரியக்கூடும். தாளையும் வண்ணத்தையும் சேர்த்துச் சொல்வது என்று நாம் பேசுவது இதைத்தான். பெட்டியில் PB29 இருக்கிறது என்றால், “கோல்டு பிரஸ் அல்லது ரஃப் தாளில் இதன் பரல் தன்மை நன்கு தெரியும்” என்ற வரி இயல்பாகவே வந்துவிடும்.

நான்காம் படி: தூரிகை

தூரிகையின் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. ஒருவரின் 8 மற்றொருவரின் 6 அளவுக்குத்தான் இருக்கும். ஆகவே எண்ணோடு, உலோகக் குழலிலிருந்து நுனி வரையுள்ள முடியின் நீளத்தையும் வயிற்றுப் பகுதியின் அகலத்தையும் அளவுகோலால் அளந்து மில்லிமீட்டரில் எழுதிவிடுங்கள். இந்த இரண்டு எண்கள் இருந்தால் இணையத்தில் வாங்குபவர் பொருளைத் திருப்பி அனுப்ப மாட்டார்.

புதிய தூரிகையின் முடி, நுனி கலையாமல் இருக்கப் பிசின் தடவி விறைப்பாக வந்திருக்கும். அதைத் தண்ணீரில் கரைத்துக் கழுவிய பிறகே சோதிக்க வேண்டும். நனைத்து, மணிக்கட்டைச் சட்டென்று ஒருமுறை உதறினால் நல்ல உருண்டைத் தூரிகை தானாகவே ஒரே நுனியாகக் கூடும். இரண்டாகப் பிளந்து நின்றால் கோடு போட உதவாது. பிறகு வண்ணத்தை முழுக்க ஏற்றி, ஒரே மூச்சில் நீளமாக ஒரு கோடு இழுத்து, எங்கே வறண்டு போகிறது என்று பாருங்கள். செயற்கை முடி நன்றாக விறைத்து எழும், ஆனால் நீரை விரைவில் கொட்டிவிடும். அணில் முடி நீரை நிறையப் பிடிக்கும், ஆனால் மடங்கினால் நிமிராது. கொலின்ஸ்கி எனப்படும் சைபீரிய மரநாய் இன விலங்கின் வால் முடி இரண்டையும் சேர்த்துத் தரும், விலையும் அதற்கேற்ப இருக்கும்.

“இயற்கை முடி” என்று மட்டும் எழுதியிருக்கும் தூரிகை வந்தால் எந்த விலங்கின் முடி என்று கேட்காமல் பட்டியலில் ஏற்றாதீர்கள். இந்தியாவில் கீரி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதன் முடியில் செய்த தூரிகையை விற்பதும் வாங்குவதும் குற்றம். அப்படியிருந்தும் அவை சந்தைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன, தூரிகைக்காகவே கீரிகள் கொல்லப்படுகின்றன. முடியின் நுனி கரும்பழுப்பாகவும், நடுவில் வெளிர் நிறப் பட்டையாகவும், அடியில் மீண்டும் கருமையாகவும் தெரிந்தால் ஐயப்படுங்கள். வழங்குபவர் தெளிவாகப் பதில் சொல்லாவிட்டால் சரக்கை எடுக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: பிள்ளைகளுக்கா, கலைஞருக்கா என்று தீர்மானியுங்கள்

இந்தத் தீர்மானத்தில் தரத்தைவிடப் பாதுகாப்பு முன்னே நிற்கிறது. அமெரிக்க முறைப்படி வரும் லேபிள்களில் “ஏ.எஸ்.டி.எம். டி-4236க்கு இணங்கியது” என்ற வரி இருக்கும். இதைப் பார்த்ததும் “நச்சற்றது” என்று எழுதிவிடுவது புதியவர்கள் மிகுதியாகச் செய்யும் பிழை. பொருளில் நீண்டகால உடல்நலக் கேடு உண்டா என்று நச்சியல் அறிஞர் ஆராய்ந்து, உண்டென்றால் எச்சரிக்கையை லேபிளில் சொல்லிவிட்டார்கள் என்பதுதான் அந்த வரியின் பொருள். எச்சரிக்கை அச்சிட்ட காட்மியம் டியூபும் அந்த வரிக்கு இணங்கியதுதான். பிள்ளைகளுக்கான பொருளில் தேட வேண்டியது ஏ.பி. என்ற வட்ட முத்திரை. கேடு விளைக்கும் அளவில் நச்சுப் பொருள் இல்லை என்று மதிப்பிட்ட பிறகே அது தரப்படுகிறது. ஏ.பி. முத்திரையைத் தரும் அமைப்பே தரும் சி.எல். முத்திரை இருந்தால் எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டிய பொருள் என்று கொள்ள வேண்டும். ஐரோப்பிய முறையில் வருவனவற்றில் இ.என். 71 என்ற பொம்மைப் பாதுகாப்புத் தர எண்ணைத் தேடுங்கள். முத்திரை எதுவும் இல்லையென்றால் வயதைக் குறிப்பிட்டுப் பரிந்துரைக்க வேண்டாம்.

பிள்ளைகளின் வண்ணம் ஒளியில் வெளுப்பது பெரிய குறையன்று. அவர்களுக்கு வேண்டியது எளிதில் கரையும் கட்டி, துணியிலிருந்து துவைத்தால் போகும் தன்மை, ஒன்று தீர்ந்தால் தனியாக வாங்கும் வசதி. “துவைத்தால் போகும்” என்பதையும் பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரு நாள் காயவிட்டுத் துவைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நீலமும் ஊதாவும் பெரும்பாலும் சுவடு விடும். தூரிகையில் செயற்கை முடியும் கட்டையான தடித்த பிடியும் நல்லது. குழந்தை தூரிகையை நீரிலேயே போட்டுவைக்கும் என்பதால், உலோகக் குழல் பிடியோடு இறுகியிருக்கிறதா என்று திருகிப் பாருங்கள். தாளுக்கு 150 முதல் 200 ஜி.எஸ்.எம். மரக்கூழ்த் தாள் போதும். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பருத்தித் தாளைப் பரிந்துரைப்பதைவிட, அதே பணத்தில் நிறையத் தாள் கிடைக்கும்படி சொல்வதே நேர்மை. காகிதம் தீர்ந்துவிடுமோ என்ற பயமில்லாமல் வரையும் பிள்ளைதான் வரைந்துகொண்டே இருக்கும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது: கல்லூரி மாணவர்கள், வார இறுதியில் கற்றுக்கொள்ளும் பெரியவர்கள். இவர்களை எந்தப் பெட்டிக்குள்ளும் அடைக்காமல், “பயிற்சிக்கு” என்ற தனித் தலைப்பில் எழுதுங்கள். இவர்களுக்கு என் பரிந்துரை, 12 டியூப் மாணவர் தரப் பெட்டியோடு நல்ல தாள் என்பதே. பணம் கூடுதலாக இருந்தால் முதலில் தாளை உயர்த்தட்டும், அடுத்து தூரிகையை, கடைசியாக வண்ணத்தை.

ஆறாம் படி: எழுதுங்கள்

மேசைமேல் இருந்த பொருள்களுக்கு, சோதனை முடிவுகளைக் கொண்டு எழுதினால் குறிப்புகள் இப்படி அமையும்.

டியூப் பெட்டிக்கு: “5 மில்லி டியூப்கள் 12. நிறமிக் குறியீடுகள் அனைத்திலும் தரப்பட்டுள்ளன. 12இல் 7 ஒற்றை நிறமி வண்ணங்கள். சிவப்பு, மஞ்சள் இரண்டும் ஹ்யூ வகை, காட்மியம் இல்லை. கிரிம்சன் (PR83) ஒளியில் மங்கக்கூடியது, நாள்பட வைக்கும் ஓவியத்தில் தவிர்க்கவும். நீர்த்துப் பூசும்போது நீலமும் பச்சையும் நன்றாக நிற்கின்றன, மஞ்சள் சற்று வெளிறுகிறது. 300 ஜி.எஸ்.எம். கோல்டு பிரஸ் தாளில் சோதித்தது. வண்ணக் கலவை பயில்வோருக்கு ஏற்ற மாணவர் தரம்.”

தாள்கட்டுக்கு: “ஏ4 தாள், 25 சதவீதப் பருத்தி, கோல்டு பிரஸ். அட்டையில் 300 ஜி.எஸ்.எம்.; எங்கள் தராசில் 10 தாள்கள் 185 கிராம். ஒரு நிமிடம் வரை நீர்ச்சொட்டு உள்ளே இறங்காமல் நிற்கிறது. மூன்று அடுக்குப் பூச்சு தாங்கும். மிகுதியாகத் தேய்த்தால் நார் எழும்பும். டியூப் வண்ணங்களோடும் 8ஆம் எண் தூரிகையோடும் பயிற்சிக்குப் பொருந்தும்.”

தூரிகைக்கு இவ்வளவு நீளம் தேவையில்லை: “உருண்டை, எண் 8, செயற்கை முடி. முடி நீளம் 20 மி.மீ., அகலம் 5 மி.மீ. நனைத்து உதறினால் ஒரே நுனியாகக் கூடுகிறது. பெரிய வானப் பரப்புக்கு நீர் போதாது, பூ, இலை, கட்டடம் போன்றவற்றுக்கு ஏற்றது.”

பள்ளிப் பெட்டிக்கு: “கட்டி வண்ணங்கள் 12, ஏ.பி. முத்திரை உண்டு. நிறமி விவரம் தரப்படவில்லை. ஒளியில் நிற்கும் என்ற உறுதியில்லை. பருத்தித் துணியில் நீலம் தவிர மற்றவை துவைத்ததும் போய்விட்டன. 150 ஜி.எஸ்.எம். ஓவியத் தாளோடு பள்ளிப் பயன்பாட்டுக்கு.”

ஒவ்வொரு வரியும் நாம் படித்த லேபிளுக்கோ, நாம் செய்த சோதனைக்கோ போய்ச் சேருகிறது என்பதைக் கவனியுங்கள். எழுதி முடித்த பின் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து “இது எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள். பதில் இல்லாத வாக்கியத்தை அடித்துவிடுங்கள். பெரும்பாலும் அடிபடுவது “உயர்தரம்” என்ற சொல்லாகத்தான் இருக்கும்.

குறிப்போடு சோதித்த மாதத்தையும் எழுதி வைப்பது அவசியம். நிறுவனங்கள் பெயரை மாற்றாமலே நிறமியை மாற்றுவதுண்டு. ஒரு நிறமியின் உற்பத்தி நின்றுவிட்டால், அதே பெயருள்ள டியூபின் பின்னால் வேறு குறியீடு வந்துவிடும். தாளிலோ மாற்றம் நம் கிடங்கிலேயே நிகழ்கிறது. ஈரப்பதம் மிகுந்த இடத்தில் நாள்பட வைத்த தாளின் சைசிங் சிதைந்துபோகும். பார்வைக்கு எதுவும் தெரியாது, பூசும்போதுதான் அங்கங்கே நீர் சட்டென்று இறங்கி அடர்ந்த புள்ளிகள் எழும். கடலோர ஊர்களில் மழைக்காலம் கடந்த தாள்கட்டுகளிலிருந்து ஒன்றைப் பிரித்து, ஒரு தாளின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் மெல்லிய நீலப் பூச்சுக் கொடுத்துப் பாருங்கள். புள்ளிகள் எழுந்தால் அந்தச் சரக்கின் குறிப்பிலிருந்து வாட்டர்கலர் என்ற சொல்லை எடுத்துவிட்டு, பென்சில், கரிக்கோல் வரைதலுக்கான தாள் என்று மாற்றி, விலையையும் குறைத்து வையுங்கள்.